தாழி குமரனின் வரியை இன்றைய தமிழில் எழுதும்போது

"ஐயா, எங்கள் கோயில் மலருக்கு மாதோட்டக் கல்வெட்டை எல்லாருக்கும் விளங்குகிற தமிழில் எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். புத்தகத்தில் பார்த்தால் ஒரே அடைப்புக்குறியும் புள்ளியுமாக இருக்கிறது. சிதைந்த எழுத்து வருகிற இடங்களை என்ன செய்வது? விட்டுவிட்டு எழுதலாமா, ஊகித்து நிரப்பலாமா?"

தம்பி, இரண்டும் செய்யலாம். எந்த இடத்தில் எதைச் செய்தீர்கள் என்பது வாசிக்கிறவருக்குத் தெரிந்தால் போதும். ஆனால் அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. கல்வெட்டிலிருந்து நேரே இன்றைய தமிழுக்குத் தாவக்கூடாது. நடுவில் ஒரு படி வேண்டும்: சொல் பிரித்து, புள்ளியிட்டு, குறிகளோடு எழுதிய பாடம். மலரில் பெரிய எழுத்தில் இன்றைய தமிழைப் போடுங்கள். அதன் கீழே சிறிய எழுத்தில் இந்தப் பாடத்தையும் போடுங்கள். பெரும்பாலானோர் மேலே உள்ளதை மட்டும் வாசிப்பார்கள். ஐயம் வருகிற ஒருவர் கீழே பார்ப்பார். அந்த ஒருவருக்காகத்தான் கீழே உள்ளது.

நீங்கள் எடுத்திருக்கும் கல்வெட்டையே வைத்துக் கதைப்போம். மன்னார்ப் பக்கத்து மாதோட்டத்தில் கிடைத்து, பின்பு கொழும்பு அருங்காட்சியகத்துக்குப் போன கல். 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' நான்காம் தொகுதியில் பாடம் அச்சாகியிருக்கிறது. அதன் தொடக்கப் பகுதியைச் சொல் பிரித்து எழுதினால் இப்படி வரும்:

சோழ மண்டலத்து க்ஷத்ரியசிகாமணி வளநாட்டு வேளார் நாட்டுச் சிறுகூற்றநல்லூர்க் கிழவன் தாழி குமரன் ஈழமான மும்முடிச்சோழ மண்டலத்து மாதோட்டமான இராஜராஜபுரத்து எடுப்பித்த இராஜராஜ ஈஸ்வரத்து மஹாதேவர்க்கு சந்திராதித்தவல் நிற்க...

இதற்கு அப்பால் கொடையின் விவரம் தொடர்கிறது. கீழே சிதைவைப் பற்றிச் சொல்லும்போது, விளக்கத்துக்காக இந்த வரியிலிருந்து சில எழுத்துகளை நானே அழித்துக் காட்டப்போகிறேன். உண்மைக் கல்லில் அந்த இடங்கள் சிதைந்திருக்கின்றன என்று எடுத்துவிடாதீர்கள்.

முதலில், சிதைவு அல்லாத ஒன்றைச் சிதைவுக் கணக்கில் சேர்க்காமல் இருக்க வேண்டும். சோழர் காலக் கல்லில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இராது. எகர ஏகார வேறுபாடும் ஒகர ஓகார வேறுபாடும் காட்டமாட்டார்கள். ஆகவே 'மாதோட்டமான' என்ற சொல் கல்லில் 'மாதொடடமான' என்று நிற்கும். 'வேளார் நாட்டு' என்பது 'வெளாரநாடடு' என்று நிற்கும். ர எழுத்தும் 'ா' என்ற காலும் பல கல்வெட்டுகளில் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். சொல் பிரிக்க இடைவெளியும் கிடையாது. புள்ளியிடுவது, கொம்பை நீட்டுவது, சொல் பிரிப்பது எல்லாம் வாசிப்பின் பகுதி. இவற்றுக்கு அடைப்புக்குறி போடத் தொடங்கினால் பக்கம் முழுக்க அடைப்பாகிவிடும். உண்மையான சிதைவு அதற்குள் மறைந்துபோகும். "புள்ளியும் நெடிலும் சொற்பிரிப்பும் நாம் இட்டவை" என்று குறிப்பில் ஒரு தடவை எழுதினால் சரி.

அடுத்தது புத்தகத்தில் நீங்கள் பார்க்கும் சதுர அடைப்பு. தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளின் மரபில் சதுர அடைப்புக்குள் இருக்கும் எழுத்து பெரும்பாலும் கல்லில் தேய்ந்தோ ஐயத்துக்கு இடமாகவோ இருப்பது. ஆனால் ஏதோ ஒரு அளவுக்குக் கண்ணுக்குத் தெரிவது. அடைப்புக்குள் உடுக்குறியும் சேர்ந்திருந்தால், கல்லில் இல்லாமல் பதிப்பாசிரியர் சேர்த்தது. கிரேக்க, இலத்தீன் கல்வெட்டுக்காரர் வைத்திருக்கும் லெய்டன் முறையில் சதுர அடைப்பு என்றால் கல்லிலிருந்து முற்றிலும் போய்விட்ட எழுத்து. ஐயமான எழுத்துக்கு அவர்கள் கீழே புள்ளி வைப்பார்கள். ஒரே குறி ஒரு மரபில் 'தெரிகிறது' என்றும் மற்றதில் 'இல்லை' என்றும் சொல்கிறது. ஒரு நூலிலிருந்து பாடத்தையும் இன்னொரு நூலிலிருந்து குறி விளக்கத்தையும் எடுத்து ஒட்டினால், இல்லாத எழுத்து இருப்பதாகிவிடும். அதனால் எந்தப் பதிப்பிலிருந்து எழுதுகிறீர்களோ அந்தத் தொகுதியின் முன்பகுதியில் குறி விளக்கம் இருக்கிறதா என்று முதலில் வடிவாகப் பாருங்கள்.

மலருக்கு நான் மூன்று குறிகளே போதும் என்பேன். ஐயமாகத் தெரியும் எழுத்துக்கு அடிக்கோடு. போய்விட்டு, நாம் நிரப்பிய எழுத்துக்குச் சதுர அடைப்பு. போய்விட்டு, நிரப்ப முடியாத ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு புள்ளி. எழுத்தின் கீழே புள்ளி வைக்கும் வழக்கத்தைத் தமிழுக்கு எடுக்காதீர்கள். எழுத்துருவில் அது சரியாக உட்காருவதில்லை. மேலே உள்ள மெய்ப்புள்ளியோடும் குழப்பும்.

சரி, இப்போது நிரப்பலாமா என்ற கேள்விக்கு வருவோம். கல்வெட்டுத் தமிழில் இரண்டு வகைப் பகுதிகள் உண்டு. ஒன்று, எல்லாக் கல்லிலும் திரும்பத் திரும்ப வருகிற வாய்பாடு. மற்றது, அந்தக் கல்லில் மட்டும் வருவது: ஆள் பெயர், ஊர்ப் பெயர், அளவு, தொகை, ஆண்டு. முதல் வகையைத் துணிந்து நிரப்பலாம். இரண்டாவதை நிரப்பவே கூடாது.

இராசராசனின் மெய்க்கீர்த்தியை, அதாவது கல்வெட்டின் தொடக்கத்தில் வரும் மன்னன் புகழ்ப் பகுதியை, எடுத்துக்கொள்ளுங்கள். 'திருமகள் போலப் பெருநிலச் செல்வியும்' என்று தொடங்கி அது எண்ணற்ற கற்களில் அதே சொற்களோடு வருகிறது. ஒரு துண்டுக் கல்லில் 'காந்தளூர்ச் . . கலமறுத்தருளி' என்று நடுவில் இரண்டு எழுத்துப் போயிருந்தால் அது 'சாலை'தான். 'காந்தளூர்ச் [சாலை] கலமறுத்தருளி' என்று தயக்கமில்லாமல் எழுதலாம். ஆனால் பாருங்கள், எழுத்தில் ஐயம் தீர்ந்த அதே இடத்தில் பொருளில் ஐயம் நிற்கிறது. கலம் அறுத்தல் என்றால் மரக்கலங்களை அழித்தது என்கிறார்கள் ஒரு பக்கம். சாலை என்பது உணவும் கல்வியும் நடந்த இடம், அங்கே உண்கலம் பற்றிய ஏற்பாட்டை மாற்றியது என்று இன்னொரு பக்கம். இந்த இரண்டாவது வகை ஐயத்துக்குச் சதுர அடைப்பு போடக்கூடாது. எழுத்து உறுதி, பொருள்தான் உறுதியில்லை. இன்றைய தமிழில் 'காந்தளூர்ச் சாலையில் கலமறுத்தருளி' என்று அப்படியே விட்டு, அடியில் இரண்டு விளக்கத்தையும் சொல்லுங்கள். ஒன்றைத் தேர்ந்து 'கப்பல்களை அழித்தான்' என்று எழுதினால் கல் சொல்லாததை நீங்கள் சொன்னதாகிறது.

இனி ஆள் பெயர். 'சிறுகூற்றநல்லூர்க் கிழவன் தாழி குமரன்' என்பதில் 'தாழி'யின் முதல் எழுத்து பொரிந்து போயிருக்கிறது, 'ா' காலும் 'ழி'யும் மட்டும் தெரிகின்றன என்று வைத்துக்கொள்வோம். நாழி, வாழி, தாழி மூன்றும் தமிழ்ச் சொற்கள். 'நாழி' கொடைக் கல்வெட்டில் நெல், நெய் அளவாக அடிக்கடி வருவது. கை பழகியவருக்கு அதுதான் முதலில் நினைவுக்கு வரும். ஆனால் முன்னால் 'கிழவன்', பின்னால் 'குமரன்'. அளவுப் பெயருக்கு அங்கே வேலையில்லை, ஆள் பெயர்தான் வேண்டும். அதோடு நாழி விலகுகிறது. தாழியா வாழியா என்பதைத் தொடர் தீர்த்துவைக்காது. அப்போது கல்லிடம் திரும்பிப் போக வேண்டும்: அந்த எழுத்தின் அடிப்பகுதி எந்தப் பக்கம் வளைகிறது, கீழே இறங்குகிற வால் ஏதும் மிஞ்சியிருக்கிறதா, அதே கல்லில் நல்ல நிலையில் இருக்கும் த எழுத்தும் வ எழுத்தும் எப்படி வெட்டப்பட்டிருக்கின்றன என்று. ஒப்பிடுவது எப்போதும் அதே கல்லின் எழுத்தோடு. அட்டவணையில் உள்ள எழுத்தோடு அல்ல. ஒவ்வொரு கல்தச்சனுக்கும் ஒரு கை உண்டு.

அப்படியும் தீரவில்லையென்றால் பாடத்தில் '.ாழி குமரன்' என்று நிற்கட்டும். இன்றைய தமிழில் 'குமரன் என்பவர் (பெயரின் முற்பகுதி சிதைந்துள்ளது)' என்று எழுதுங்கள். இந்த மாற்றம் முக்கியமானது. பாடத்தில் ஐயம் எழுத்தில் இருக்கும். இன்றைய தமிழுக்கு வரும்போது அந்த எழுத்தே இல்லாமல் போயிருக்கும், சொல் மாறியிருக்கும். 'எடு[ப்]பித்த' என்பதற்கு 'கட்டு[வி]த்த' என்று எழுதுவதில் அர்த்தமில்லை. ஆகவே ஐயம் பொருளைத் தொடுகிறதா என்று மட்டும் பாருங்கள். 'எடுப்பித்த'வில் ஒரு எழுத்து தேய்ந்திருந்தாலும் பொருள் மாறாது; இன்றைய தமிழில் குறியே வேண்டாம். பெயரில் ஒரு எழுத்து தேய்ந்தாலும் ஆளே மாறிவிடும்; அங்கே வெளிப்படையாகச் சொற்களால் சொல்ல வேண்டும்.

இன்னும் ஆபத்தானது எண். இதையும் பயிற்சிக்காக நானே அமைத்துக் காட்டுகிறேன். இராசராசன் காலத்துக் கல்லொன்றில் 'யாண்டு' என்ற சொல், அதன் பின் ஒரு பொரிவு, அதன் பின் ௰௩ என்று தெளிவாக இருக்கிறது. ௰ என்பது பத்து. அதற்கு முன்னால் எண் இல்லையென்றால் ௰௩ என்பது 13. முன்னால் ௨ இருந்தால் ௨௰௩, அதாவது இரண்டு பத்தும் மூன்றும், 23. முன்னால் ௩ இருந்தால் 33 ஆகும். ஆனால் அவன் ஆட்சி 985இல் தொடங்கி 1014இல் முடிந்தது, 33க்கு இடமில்லை. மிஞ்சுவது 13, 23. ஆண்டுக் கணக்கில் முதலாவது 997–98, மற்றது 1007–08. பத்து ஆண்டு வேறுபாடு, ஒரே ஒரு எழுத்தில்.

இதைத் தீர்க்க முதலில் இடத்தை அளக்க வேண்டும். மேல் வரியிலும் கீழ் வரியிலும் நன்றாக இருக்கும் பத்து எழுத்துகள் எத்தனை சென்டிமீட்டர் எடுக்கின்றன என்று பாருங்கள். 40 சென்டிமீட்டர் என்றால் எழுத்துக்கு 4. பொரிவின் அகலம் 4 அல்லது 5 என்றால் ஒரு எண் அங்கே நின்றிருக்க இடமுண்டு. ஆனால் அதோடு முடிவுகட்டக் கூடாது. கல்லில் ஏற்கெனவே பள்ளம் இருந்தால் தச்சன் அதைத் தாண்டிப் போய் வெட்டியிருப்பான். அதே கல்லில் வேறு பள்ளங்களைப் பாருங்கள். ஒரு சொல் பள்ளத்தின் இரு பக்கமும் எழுத்துக் குறையாமல் நின்றால், அந்தப் பள்ளம் எழுத்துக்கு முந்தியது. எழுத்தின் கோடு பள்ளத்தின் விளிம்பில் பாதியில் அறுந்தால், பள்ளம் பிந்தியது. அங்கே எழுத்து போயிருக்கிறது.

அப்புறம் கல்வெட்டின் உள்ளே சான்று தேடுங்கள். நம் மாதோட்டக் கல்லில் வருவதுபோல மன்னனின் விருதுப் பெயர் தாங்கிய வளநாடு ஒன்று வந்தால் அது பெரிய உதவி. இராசராசன் வளநாட்டுப் பிரிவுகளை ஏற்படுத்தியது ஏறக்குறைய 1000ஆம் ஆண்டை ஒட்டி. ஆகவே வளநாடு வருகிற கல்லுக்கு 997–98 பொருந்தாது; 23தான் சரியாக இருக்கும். அப்போதும் பாடத்தில் '[௨]௰௩' என்று அடைப்போடுதான் எழுத வேண்டும். இன்றைய தமிழில் '23ஆம் ஆட்சியாண்டு (முதல் எண் சிதைந்துள்ளது, வளநாட்டுப் பெயரால் ஊகிக்கப்பட்டது)' என்று காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள். எண்ணை நிரப்பக்கூடாது என்று முன்னே சொன்னேனே, அதற்கு விலக்கு இப்படி ஒரு உறுதியான சான்று இருக்கும்போது மட்டும்தான். வளநாடு போன்ற சான்று கிடைக்காவிட்டால் '13 அல்லது 23' என்று இரண்டையும் போடுங்கள். ஒன்றைத் தேர்ந்தால் மலர் அழகாக இருக்கலாம், ஆனால் அந்தத் தெளிவு கல்லில் இல்லை.

எழுத்து தெளிவாக இருந்தும் இன்றைய வாசகர் தவறி விழுகிற இடங்களையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் வரியில் பெரிய பொறி 'கிழவன்'. இன்று அது வயோதிபர். கல்வெட்டில் கிழமை உடையவன், அதாவது உரிமையுள்ளவன், அந்த ஊரில் காணியும் செல்வாக்கும் உள்ளவன். 'சிறுகூற்றநல்லூர்க் கிழவன்' என்று அப்படியே அச்சிட்டால் கோயில் கட்டியவரைப் பற்றிச் சிறுபிள்ளைகள் தாத்தா ஒருவரைத்தான் நினைப்பார்கள். 'மாதோட்டமான' என்பதில் வரும் 'ஆன' மறுபெயர் காட்டுவது: மாதோட்டம், அதற்கு இன்னொரு பெயர் இராசராசபுரம். 'ஈழமான மும்முடிச்சோழ மண்டலம்' என்பதும் அதே அமைப்பு. 'எடுப்பித்த' என்றால் கட்டுவித்த. தாமே கல் சுமந்ததல்ல. 'க்ஷத்ரியசிகாமணி' என்பது மன்னனின் விருதுப் பெயர். இங்கே அது ஒரு வளநாட்டின் பெயர். 'அரச குலத்தின் தலைமணி' என்று மொழிபெயர்த்தால் ஊர் காணாமல் போய்விடும். எல்லாவற்றையும் சேர்த்தால் இப்படி எழுதலாம்:

'சோழ மண்டலத்து க்ஷத்திரியசிகாமணி வளநாட்டில், வேளார் நாட்டைச் சேர்ந்த சிறுகூற்றநல்லூரின் உரிமையாளர் தாழி குமரன். அவர், மும்முடிச்சோழ மண்டலம் என்றும் பெயர் பெற்ற ஈழத்தில், இராசராசபுரம் என்றும் அழைக்கப்பட்ட மாதோட்டத்தில், இராசராச ஈச்சரம் என்ற கோயிலைக் கட்டுவித்தார். அங்குள்ள மகாதேவருக்கு, சந்திரரும் சூரியரும் உள்ளவரை நிலைத்து நிற்கும்படி...'

கல்லில் இது ஒரே நீண்ட தொடர். நான் மூன்றாக உடைத்திருக்கிறேன். உடைக்கலாம், ஆனால் 'எடுப்பித்த' என்ற எச்சத்தை 'கட்டுவித்தார்' என்று முற்றாக்கியது நான் செய்த மாற்றம். கல் கோயில் கட்டிய செய்தியைச் சொல்ல எழுதப்படவில்லை; கொடையைச் சொல்ல எழுதப்பட்டது. கட்டியவர் யார் என்பது போகிற போக்கில் வருகிறது. குறிப்பில் அதை ஒரு வரியில் சொல்லுங்கள். இன்னொன்று: 'இராசராச ஈச்சரம்' என்று வருகிற இடத்தில், மாதோட்டத்தில் இன்றும் உள்ள சிவன் கோயிலின் பெயரான 'திருக்கேதீச்சரம்' என்று மாற்றி எழுதும்படி மலர்க்குழுவில் யாராவது கேட்கலாம். எங்கள் ஊர்ப் பற்று எனக்கு விளங்கும், எனக்கும் அந்தப் பற்று இருக்கிறது. ஆனால் வரியில் உள்ள பெயர் இராசராச ஈச்சரம். இரண்டும் ஒன்றா வேறா என்பதைப் பற்றிப் பேச விரும்பினால் அதற்குத் தனிக் கட்டுரை எழுதட்டும்.

கல்லை நேரில் பார்க்க வாய்ப்புக் கிடைக்கிற வேறு கல்வெட்டுகளுக்கும் ஒரு சொல். நம் வன்னிக் குளக்கட்டுகளிலும் காட்டுக்குள்ளும் கிடக்கும் கற்களில் சுண்ணாம்புத் துண்டால் எழுத்தை நிரப்பிப் படமெடுக்கிற பழக்கம் இருக்கிறது. செய்யவே வேண்டாம். நிரப்பியவர் வாசித்ததைத்தான் பிறகு வருகிறவர்கள் எல்லாரும் வாசிப்பார்கள். படம் எழுத்தைக் காட்டாது, அவருடைய ஊகத்தைக் காட்டும். இருட்டிய பின் டோர்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில், கல்லின் முகத்தோடு ஒட்டினாற்போல் பிடித்து, நான்கு திசையிலிருந்தும் தனித்தனிப் படம் எடுங்கள். நான்கு படத்திலும் தெரிகிற கோடு பெரும்பாலும் உளிக்கோடு. ஒன்றில் மட்டும் தெரிவது கீறலாக இருக்கலாம். மைப்படி எடுப்பதற்கும் கல்லைத் துப்புரவாக்குவதற்கும் தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும்.

கடைசியாக அச்சகம். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மலருக்கு நான் குறிகளோடு எழுதிக் கொடுத்த பாடம், குறி ஒன்றும் இல்லாமல் அச்சாகி வந்தது. விசாரித்தபோதுதான் விளங்கியது. எங்கள் அச்சகங்களில் பாமினி எழுத்துரு இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. பாமினியில் [ என்ற விசை ஜ எழுத்தையும் ] என்ற விசை ஸ எழுத்தையும் தரும். என்னுடைய '[சாலை]' அங்கே 'ஜசாலைஸ' என்று விழுந்திருக்கிறது. தட்டச்சுச் செய்த பிள்ளை அதைப் பிழை என்று நினைத்து, ஒவ்வொரு ஜ, ஸ எழுத்தாகத் தேடி நீக்கியிருக்கிறாள். நல்ல எண்ணத்தோடு செய்ததுதான். ஆனால் நான் நிரப்பியவை எல்லாம் கல்லில் இருந்தவை ஆகிவிட்டன. ஓரிடத்தில் உண்மையான 'ராஜ'வின் ஜ எழுத்தும் அதோடு போயிருந்தது. அந்தப் பாடத்தை எடுத்து வேறு இரண்டு மலர்களில் அப்படியே போட்டார்கள். அதைத் திருத்த இன்றுவரை என்னால் முடியவில்லை.

அதனால் அடைப்புக்குறிகளை மட்டும் ஆங்கில எழுத்துருவில் வைக்கச் சொல்லுங்கள், அல்லது முழுவதையும் யுனிகோட்டில் கொடுத்து அதிலேயே பக்கம் அமைக்கச் சொல்லுங்கள். அடிக்கோடும் எழுத்துரு மாற்றத்தில் தொலையக்கூடியது. கொடுப்பதற்கு முன் உங்கள் தாளில் எத்தனை அடைப்பு, எத்தனை அடிக்கோடு, எத்தனை சிதைவுப் புள்ளி என்று எண்ணி ஓரத்தில் எழுதிவையுங்கள். மெய்ப்புப் படி வந்ததும், எழுத்துப் பிழை பார்ப்பதற்கு முன்னால், அந்த மூன்று எண்ணிக்கையையும் ஒப்பிடுங்கள்.